அடையாறு வந்தால் போன் உள்ளே

செவ்வாய் இரவு. வாட்ஸ்அப்பில் அவள் தன் நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவே ஒரு வரி: "மந்தைவெளில ட்ரெயின் ஏறினா தரமணி வரைக்கும் போன்தான். அடையாறு வந்தா மட்டும் உள்ள வெச்சிடுவேன், ஆத்தைப் பாக்கணும்." அவன் சிரிக்கும் எமோஜி ஒன்று போட்டான். பேச்சு வேறெங்கோ போனது.

பிடித்தவளோடு மறுபடி குறும்பாகப் பேச்சைத் தொடங்க அந்த ஒரு வரி போதும், நினைவிருந்தால். சனிக்கிழமைக்குள் அது அவன் தலைக்குள் என்ன ஆகியிருக்கும்? கேட்டதை நாம் இரண்டு விதமாகப் பதிக்கிறோம் என்பது உளவியலாளர்கள் சார்ல்ஸ் பிரெய்னர்ட், வலேரி ரெய்னா இருவரின் விளக்கம். ஒன்று சொன்னது சொன்னபடி, மற்றது அதன் சாரம். முன்னது சீக்கிரம் மங்கும், சாரம் தங்கும். ஆக அவனிடம் மிஞ்சுவது 'இவளுக்கு ரயில் பிடிக்கும்' என்பதுதான். அதை வைத்து, "ட்ரெயின்ல போறது பிடிக்குமா?" என்று கேட்கலாம். வேளச்சேரி லைனில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கேள்வி. அவளுக்கே உரியது மங்கிப்போன அந்தப் பாதியில் இருந்தது.

அந்தப் பாதியைத் தக்கவைக்க மனப்பாடம் தேவையில்லை. 'வார இறுதியில் இதைச் சொல்லணும்' என்று நேரத்தோடு முடிந்துவைத்தால் நழுவிவிடும். நேரம் வந்ததை நாமேதான் கவனிக்க வேண்டும். கண்ணில் படப்போகிற ஒன்றோடு முடிந்துவைத்தால், அதுவே தூண்டும். 'ஆற்றைப் பார்த்தால் அவள் போன்' என்று செவ்வாய் இரவே ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் போதும். அவனும் அதே லைனில் போகிறவன் என்பது அதிர்ஷ்டம்தான்.

சனிக்கிழமை மாலை அவன் அனுப்பியது: "அடையாறு தாண்டிட்டேன். ரூல்படி போன் உள்ள இருந்துச்சு. அதான் கஸ்தூரிபா நகர்ல இருந்து மெசேஜ்." பாராட்டு ஒன்றுமில்லை, 'நீங்க சொன்னீங்களே' என்ற நினைவூட்டலும் இல்லை. அவளுடைய பழக்கத்துக்குள் அவன் போய் உட்கார்ந்துகொண்டான். என் கணக்கில், குறும்பு முழுக்க அந்த 'ரூல்படி'யில்தான் இருக்கிறது.

ஹார்வர்டில் கேரன் ஹுவாங் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், சில நிமிடச் சந்திப்புகளில் துணை தேடியவர்களின் பேச்சையும் அலசினார்கள். எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கேள்வி கேட்டவர்களுக்கே மறுசந்திப்புக்கான சம்மதம் அதிகம் கிடைத்தது. கவனித்துக் கேட்டதற்கு அதுவே சாட்சி. நான்கு நாள் பழைய வரியைத் தொடுவதும் அதே வேலையைச் செய்யும் என்பது என் ஊகம்.

சறுக்கும் இடங்களும் உண்டு. ஒரே வாரத்தில் மூன்று பேரோடு பேசினால், விஷயம் நினைவிருக்கும், சொன்னவர் யார் என்பது மாறிப்போகும். அவளுடைய ஆற்றை இன்னொருத்தியிடம் கேட்டால் தீர்ந்தது கதை. சந்தேகமிருந்தால் சாட்டில் 'அடையாறு' என்று தேடிப் பார்ப்பதில் வெட்கமில்லை. அவள் சொல்லாமல், இன்ஸ்டாகிராமைத் துருவி எடுத்த விவரம் வேறு ரகம்; அது கவனிப்பு இல்லை, வேவு. சொன்னதையே ஒரே மெசேஜில் ஐந்தாறு அடுக்கினாலும் ஃபைல் வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

எடுபட்டதா என்பது பதிலில் தெரியும். வெறும் "ஹாஹா" வந்தால் அந்த விவரத்தை மறுபடி தொடவேண்டாம். அவள் எழுதியது: "எந்தப் பக்கம் உக்காந்தீங்க? கடல் பக்கம்தான் பாக்கணும்."