அருகில் இருக்கும் மிரர் எது?

டெபியனின் `netinst` கோப்பைப் பென்டிரைவில் ஏற்றிக் கல்லூரி லேபில் நிறுவத் தொடங்கினால், முதல் பாதி சீக்கிரமே முடிந்துவிடும். அடிப்படை அமைப்பு பென்டிரைவிலேயே இருப்பதுதான் காரணம். டெஸ்க்டாப் வேண்டும் என்று தேர்ந்தெடுத்ததும் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் இணையத்தில் மிரர் எனப்படும் நகல் சர்வர் ஒன்றிலிருந்து வர வேண்டும். அங்கேதான் எல்லாம் நின்றுபோனது போல் ஆகிவிடுகிறது. கல்லூரி இணைப்பு நல்ல வேகமுள்ளதாக இருந்தாலும் இப்படி நடப்பதுண்டு.

காரணம் தூரம். எந்தச் சர்வரும் ஒரு கோப்பை ஒரே மூச்சில் கொட்டிவிடுவதில்லை. ஓரளவு அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வராமலே இவ்வளவு அனுப்பலாம் என்ற அந்த அளவுக்கு டிசிபி விண்டோ என்று பெயர். அது 64 கேபி என்று வைத்துக்கொள்வோம். சர்வருக்குப் போய்த் திரும்ப 250 மில்லி விநாடி ஆனால், விநாடிக்கு நான்கு நடைதான் போக முடியும். அதாவது 256 கேபி. 900 எம்பி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். 10 மில்லி விநாடியில் எட்டும் மிரர் என்றால், அதே விண்டோவில் இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

இன்றைய கணினிகளில் விண்டோ 64 கேபியைத் தாண்டி வளரும், உண்மைதான். ஆனால் சிறிதாகத் தொடங்கி, நடைக்கு நடைதான் அது பெரிதாகும். வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் சட்டென்று சுருங்கிவிடும். நூறு பேர் பகிரும் வைஃபையில் பாக்கெட் தொலைவது சாதாரணம். தூரத்துச் சர்வரில் ஒவ்வொரு நடையும் நீளம் என்பதால், சுருங்கிய விண்டோ மீண்டும் வளரவும் நெடுநேரம் பிடிக்கும்.

அருகில் என்பதை வரைபடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பக்கத்து ஊர் மிரருக்குப் போகும் தரவு வேறொரு நாட்டைச் சுற்றிப் போகலாம். அதனால் அளந்து பார்ப்பதே சரி. மிரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும் Ctrl+Alt+F2 அழுத்துங்கள் (எழுத்துத் திரை இன்ஸ்டாலரில் Alt+F2 போதும்). என்டர் தட்டினால் ஷெல் கிடைக்கும்.

```
wget -O /dev/null http://deb.debian.org/debian/ls-lR.gz
```

இது மிரரில் உள்ள கோப்புகளின் பட்டியல். சில விநாடிகளில் வேகம் புரிந்துவிடும். Ctrl+C அழுத்தி நிறுத்திவிட்டு, வேறொரு மிரரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். `deb.debian.org` பல நாடுகளில் நகல் வைத்திருக்கும் சேவை என்பதால் பெரும்பாலும் அதுவே போதும். டவுன்லோடு பாதியில் இருக்கும்போது மிரரை மாற்றுவது தொல்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையை முன்னாலேயே செய்துவிடுங்கள்.

அடுத்து வருவது, கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் சர்வரான ப்ராக்ஸி பற்றிய கேள்வி. பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கல்லூரி நேரடி இணைப்பைத் தடுத்திருந்தால், இன்ஸ்டாலர் `Bad archive mirror` என்று சொல்லும். பிரவுசரில் லாகின் செய்த பிறகே இணையம் தரும் நெட்வொர்க்கிலும் இதே செய்திதான் வரும், ஏனென்றால் மிரரின் கோப்புக்குப் பதிலாக லாகின் பக்கம் வந்து நிற்கிறது. இரண்டிலும் குற்றம் மிரர் மேல் இல்லை. ப்ராக்ஸி முகவரியை நெட்வொர்க் நிர்வாகியிடம் கேட்டு இந்த வடிவில் கொடுக்க வேண்டும்:

```
http://user:pass@10.0.0.5:3128/
```

பாஸ்வேர்டில் `@` இருந்தால் அதை `%40` என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் முகவரி நடுவிலேயே உடைந்துவிடும்.

லேபில் நாற்பது கணினிகளில் நிறுவுவதாக இருந்தால், ப்ராக்ஸியையே அருகில் உள்ள மிரராக ஆக்கிக்கொள்ளலாம். ஒரு கணினியில் `apt-cacher-ng` நிறுவி, மற்றவற்றில் அதன் முகவரியை 3142 என்ற போர்ட்டுடன் கொடுத்தால் போதும். முதல் கணினிக்காக வந்த பேக்கேஜ் அங்கேயே தங்கி, மற்ற 39 கணினிகளுக்கும் லேபுக்குள்ளிருந்தே போகும். கல்லூரியின் பொது ஸ்குவிட் ப்ராக்ஸி இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். அமைப்பை மாற்றாவிட்டால் 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளை அது சேமிக்காது. கெர்னல் போன்ற பெரிய பேக்கேஜ்கள் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்தே வரும்.

இதற்கு மிரர் `https` அல்லாமல் `http` ஆக இருக்க வேண்டும், பூட்டிய இணைப்பில் போவதை ப்ராக்ஸியால் சேமிக்க முடியாது. பயப்பட வேண்டாம். பேக்கேஜ் பட்டியலில் டெபியனின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது, ஒவ்வொரு கோப்பையும் `apt` அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கையெழுத்தோடு பொருந்தாத பழைய பட்டியலை ப்ராக்ஸி நீட்டினாலும் `Hash Sum mismatch` போன்ற பிழையைச் சொல்லி நின்றுவிடும்.

நிறுவி முடித்த பிறகும் இந்த ப்ராக்ஸி முகவரி, பாஸ்வேர்டு உட்பட, `/etc/apt/apt.conf` கோப்பில் தங்கியிருக்கும். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் `apt update` கொடுத்தால், அங்கே இல்லாத கல்லூரி ப்ராக்ஸியைத் தேடிக் காத்திருக்கும். அந்தக் கோப்பில் `Acquire::http::Proxy` என்று தொடங்கும் வரியை நீக்கினால் சரியாகிவிடும்.