தங்கூசியில் கோத்த முத்துமாலை

போன மாதம் ஒரு ரீச்சர் கைக்குட்டையில் முடிந்த ஒரு பொட்டலத்தை நான் மாலை கோக்கும் மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே 48 முத்துகள், ஒரு வெள்ளிக் கொழுக்கி, சுருண்டு கிடந்த ஒரு முழத் தங்கூசி, மீன்பிடிக்கப் பாவிக்கும் அதே நைலோன் நூல். அந்தத் தங்கூசியைக் கண்டதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்த வருடத்தில் இப்படி வந்தது இது ஆறாவது மாலை. அதனால்தான் எழுதுகிறேன்.

கனடாவில் இருக்கும் அக்கா கொடுத்த மாலை அது. ஒவ்வொரு முத்தும் 7 மில்லிமீட்டர், மொத்தம் 57. ஐந்தாறு வருடம் நூல் மாற்றாமல் போட்டிருக்கிறார். கொழுக்கிப் பக்கத்தில் நூல் அறுந்தது. முத்துக்கு முத்து முடிச்சுப் போட்ட மாலை என்பதால் ஒன்றும் சிந்தவில்லை. ஒரு கடையில் கொடுத்தார். அன்றைக்கே கோத்துக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கழுத்தில் போட்டால் மாலை கட்டையாக இருந்திருக்கிறது. "முத்தைக் கழற்றி எடுத்துப்போட்டினம் எண்டுதான் பிள்ளை நினைச்சன். எண்ணிப் பாத்தால் 57ம் இருக்கு" என்றார்.

கடைக்காரர் ஒன்றும் எடுக்கவில்லை. முடிச்சை விட்டுவிட்டார், அவ்வளவுதான். 57 முத்தை ஒட்டி ஒட்டி வைத்தால் 39.9 சென்டிமீட்டர், கொழுக்கியோடு ஏறக்குறைய 41 வரும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு மில்லிமீட்டர் அளவு இடம் பிடிக்கும். 58 முடிச்சு என்றால் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர். முன்பு 47 சென்டிமீட்டராக நெஞ்சுக்கு மேலே வந்து நின்ற மாலை கழுத்தோடு ஒட்டியது இதனால்தான். உங்கள் மாலை கோத்து வந்தபின் கட்டையாகிவிட்டால், கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் முத்தை எண்ணுங்கள். அப்புறம் முத்துகளுக்கு நடுவே பாருங்கள், முடிச்சு இருக்கிறதா என்று.

எட்டு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் மாலை கொட்டியது. மாபிள் பதித்த மண்டபம், கதிரைகளுக்குக் கீழே நாலு பக்கமும் முத்து ஓடியிருக்கிறது. பிள்ளைகள் தேடிப் பொறுக்கி 48 எடுத்தார்கள். 9 போனது போனதுதான்.

"தங்கூசி எப்படி அறுந்தது? பெரிய மீனையே இழுக்கிற நூல் எண்டு கடையில சொன்னவை" என்று கேட்டார். அந்தத் தங்கூசியை எடுத்துக் காட்டினேன். அது அறுந்திருக்கவே இல்லை. முழுசாக இருந்தது. கொழுக்கியில் போட்ட முடிச்சு வழுக்கிக் கழன்றிருக்கிறது. கழலாமல் இருக்க லைற்றரால் நுனியைச் சுட்டு உருட்டியிருந்தார்கள். அந்த உருண்டை உடைந்ததும் முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது.

கடலோரத்து ஊர் நம்முடையது, தங்கூசியின் பலத்தை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முத்துமாலைக்கு அந்தப் பலம் எதற்கு? 57 முத்தும் சேர்ந்து முப்பது கிராம்கூட வராது. நூலுக்கு அங்கே இருக்கிற வேலை பாரம் தூக்குவதல்ல. வளைந்து கொடுக்க வேண்டும், முடிச்சுப் போட்டால் இறுகி அப்படியே நிற்க வேண்டும், துளையின் விளிம்பை அரிக்கக் கூடாது. தங்கூசி இந்த மூன்றிலும் தோற்கிறது. வழுவழுப்பானது, முடிச்சைப் பிடித்து வைக்காது. விறைப்பானது, முத்துக்கு முத்து நெருக்கி முடிச்சுப் போட வராது. அதனால்தான் தங்கூசியில் கோப்பவர்கள் முடிச்சே போடுவதில்லை. அப்புறம் அதையே நியாயமாகவும் சொல்கிறார்கள்: "நூல் பலமானது அம்மா, முடிச்சுத் தேவையில்லை."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. முடிச்சு இருப்பது நூல் பலவீனமானது என்பதற்காக அல்ல. அறுந்தால் சிந்தாமல் இருப்பதற்கும் அது உதவும், உண்மை. ஆனால் நூல் என்றைக்குமே அறாது என்று வைத்துக்கொண்டாலும் முடிச்சு வேண்டும். ஏனென்றால் முடிச்சு இல்லாத மாலையில் ஒவ்வொரு முத்தும் பக்கத்து முத்தில் தேய்கிறது. நீங்கள் நடக்க, குனிய, திரும்ப, மூச்சு விட எல்லாம் தேய்கிறது. முத்து கல் அல்ல. வைரம், நீலம் போல நினைத்துவிடாதீர்கள். சிப்பி தன் உடம்பிலிருந்து படலம் படலமாக விட்ட சுண்ணாம்புச் சத்துத்தான் அது. அந்தப் படலம் சில வளர்ப்பு முத்துகளில் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதற்குள்ளே இருப்பது வெறும் சிப்பி ஓட்டில் கடைந்த உருண்டை. மினுக்கம் எல்லாம் அந்த மெல்லிய மேல்தோலில்தான் இருக்கிறது.

தேய்வது முதலில் துளை வாயில். துளை போட்ட இடத்தில் படலத்தின் ஓரம் வெட்டுண்டு நிற்கிறது, சுவரில் ஆணி அடித்த இடத்துச் சுண்ணாம்புப் பூச்சு மாதிரி. இரண்டு முத்தின் வாய்கள் ஒன்றோடொன்று உரச, அந்த ஓரம் பொருக்குப் பொருக்காகக் கழரும். ரீச்சரின் 48 முத்தையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். 14 முத்துகளில் வாய் உடைந்திருந்தது. மூன்றில் துளையைச் சுற்றிப் படலம் உரிந்து உள்ளே இருந்த உருண்டை மங்கலாகத் தெரிந்தது. எட்டு மாதத்தில் இவ்வளவு. நூல் அறுந்தால் வேறு நூல் போடலாம். உரிந்த தோலை யாரும் ஒட்டித் தர முடியாது. மினுக்கிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், மிச்சத் தோலும் போய்விடும்.

பட்டுநூல் மென்மையானது, முடிச்சு நெல்மணி போல இறுகி முத்தின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு முத்துகளுக்கு நடுவே ஒரு மெத்தை வைத்த மாதிரி. முடிச்சு துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், சிறிதானால் உள்ளே இறங்கிவிடும். அதனால் நூலின் தடிப்பைத் துளைக்கு ஏற்பத்தான் தெரிவு செய்கிறோம். அம்மம்மா காலத்து மன்னார் முத்து யாராவது கொண்டு வந்தால் மெல்லிய நூல்தான் எடுப்பேன், அவற்றின் துளை மிகச் சின்னது. தடித்த நூல் போவதற்காகத் துளையைப் பெருப்பிக்க ஒருவரையும் விடாதீர்கள். கடுகளவு முத்துகள் மட்டும் விலக்கு. அவற்றுக்கு நடுவில் முடிச்சுப் போட்டால் முத்தைவிட முடிச்சுத்தான் தெரியும், அதனால் சில முத்துக்கு ஒன்றாகப் போடுவோம்.

ரீச்சரின் மாலையைக் கோக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பட்டுநூலை முதல் நாள் இரவே ஒரு சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டேன், இழுபட வேண்டியது முன்னமே இழுபட்டுவிடும். நூலை இரட்டையாக்கி ஊசியில் ஏற்றி, முதல் மூன்று முத்தையும் முடிச்சில்லாமல் கோத்து, அப்புறம் கிம்ப் என்று நாங்கள் சொல்லும் மயிர்போன்ற கம்பிச்சுருளில் ஒரு சிறு துண்டு, அப்புறம் கொழுக்கி. நூல் கொழுக்கி வளையத்தில் நேரே படாமல் அந்தச் சுருள் காக்கும். மாலைகள் பெரும்பாலும் கொழுக்கிப் பக்கத்தில்தான் அறுகின்றன, உலோகம் நூலை அறுப்பதால். பிறகு ஊசியைத் திருப்பி கொழுக்கியை ஒட்டிய முத்துக்குள்ளால் எடுத்து ஒரு முடிச்சு, அடுத்த முத்துக்குள்ளால் எடுத்து இன்னொன்று.

அதன் பிறகு ஒரே வேலை, முத்துக்கு முத்து. தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, தடித்த ஊசியொன்றை அந்த வளையத்துக்குள் விட்டு, முடிச்சை முத்தின் வாய் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஊசியை உருவும் கணத்தில் நகத்தால் அமர்த்தி, இரட்டை நூலின் இரண்டு இழைகளையும் எதிரெதிராக இழுத்தால் முடிச்சு முத்தோடு ஒட்டி இறுகும். ஒரு மயிரிழை விலகி இறுகினாலும் அது பிழை. பட்டில் இறுகிய முடிச்சை அவிழ்ப்பது பெரும்பாடு.

வாய் உடைந்தவற்றில் ஆக மோசமானவற்றைப் பிடரிப் பக்கம் வைத்தேன். 48 முத்து முடிச்சோடும் கொழுக்கியோடும் சேர்ந்து 40 சென்டிமீட்டர் வந்தது. முடிச்சில்லாமல் 57 முத்து இருந்த அதே நீளம், ஒரு சென்டிமீட்டர்தான் குறைவு.

சரி, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது? பட்டு வியர்வையையும் எண்ணெயையும் பவுடரையும் உறிஞ்சும், நாளடைவில் இழுபடும். நம்மூர்ப் புழுக்கத்தில் வாரத்துக்கு ஒருதரம் போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கோயிலுக்கும் கலியாணத்துக்குமாக வருடத்தில் நாலைந்து முறை போட்டால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். பெட்டிக்குள்ளேயே இருந்த மாலை பழுதாகாது என்று நினைக்காதீர்கள். பத்து வருடம் பூட்டி வைத்ததைக் கலியாணத்தன்று காலையில் எடுத்துப் போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு முன்னே எடுத்துப் பாருங்கள்.

பார்ப்பது சுலபம். மாலையை ஒரு நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். முத்துக்கும் முடிச்சுக்கும் நடுவே நூல் தெரிந்தால், முத்தை விரலால் தள்ள அது நகர்ந்தால், நூல் இழுபட்டுவிட்டது. முடிச்சுகள் கறுத்திருந்தால் அழுக்கு உள்ளே இறங்கிவிட்டது. கொழுக்கிப் பக்கம் சிலும்பு தெரிந்தால் அன்றைக்கே கழற்றி வையுங்கள். புதிதாகக் கோத்த மாலை கொஞ்சம் விறைப்பாக நிற்கும், அது சில நாளில் சரியாகிவிடும். அதற்காகத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.

சென்ற், பவுடர் எல்லாம் போட்டு முடித்த பிறகே முத்தைப் போடுங்கள். கழற்றியதும் மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, நூல் காயும் வரை விரித்து வையுங்கள், ஆணியில் தொங்கவிடாதீர்கள். கன்னியா வெந்நீர் ஊற்றில் மாலையோடு குளித்துவிட்டு நூல் தொய்ந்துபோனது என்று வருகிறார்கள். ஈரப்பட்டு அப்படித்தான் தொய்யும், தயவுசெய்து கழற்றிவிட்டுக் குளியுங்கள். கொழுக்கி உடைந்தால் மாலையோடு சேர்த்துப் பற்றவைக்கக் கொடுக்கவே கூடாது. நெருப்பும் அமிலமும் முத்துக்கு ஆகாது. முதலில் கழற்றுவித்து, கொழுக்கியை மட்டும் கொடுங்கள். பட்டுக்குப் பதில் முறுக்கிய நைலோன் நூலில் கோக்கிறோம் என்று யாராவது சொன்னால், முடிச்சுப் போடுவார்களா என்று கேளுங்கள். போட்டால் நான் குறை சொல்லமாட்டேன். தங்கூசி என்றால் மாலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ரீச்சரின் பெட்டிக்குள் ஒரு சின்னத் துண்டு எழுதி வைத்தேன்: கோத்த மாதம், 48 முத்து, 40 சென்டிமீட்டர். உங்கள் மாலையை யார் கோத்தாலும் இந்த மூன்றையும் எழுதி வாங்குங்கள். கொடுக்கும்போதும் அவர்களுக்கு முன்னால் எண்ணிக் கொடுங்கள்.