"இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றால் மதிப்பெண் 1 ஆகிவிடாது

மறுபடியும் அதே தாள். சிறு பட்டறை, லேத், டிரில்லிங் மெஷின், மூலையில் ஒரு பெஞ்ச் கிரைண்டர். இடர் மதிப்பீட்டு அட்டவணையைக் கேட்டால், கிரைண்டருக்கு நேரே "நிகழ வாய்ப்பு 1, தீவிரம் 2, பெருக்கினால் 2" என்று எழுதிப் பச்சை நிறம் அடித்துக் கொடுத்தார்கள். வாய்ப்பு ஏன் 1? "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல சார்." தீவிரம் ஏன் 2? "கண்ணாடி போட்டுத்தானே வேலை பாக்குறாங்க."

முதல் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. சராசரியாக 20 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கக்கூடிய விபத்து என்று வையுங்கள். 5 ஆண்டாக நடக்கும் பட்டறை அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருப்பதற்கே முக்கால்வாசிக்கும் மேல் வாய்ப்பு உண்டு. ஆகவே "பார்த்ததில்லை" என்பது உங்கள் பட்டறையைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. கடந்த காலத்தை விடுங்கள். மெஷின் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

வாய்ப்புக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் எளிது. ஒரே நேரத்தில் இரண்டு பாதுகாப்புகள் தவறினால்தான் விபத்து நடக்கும் என்றால் 1. ஒரு சோதனையை விட்டுவிட்டாலே போதும் என்றால் 2. வழக்கமான நாளில் ஒருவர் கை சற்றுத் தவறினாலே போதும் என்றால் 3. மயிரிழையில் தப்பியது ஏற்கெனவே நடந்திருந்தால் 4. அடிக்கடி நடக்கிறதென்றால் 5.

இப்போது அந்தக் கிரைண்டருக்கு வருவோம். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பார்த்தேன் (ஓடும்போது அளக்கப் போகாதீர்கள், தயவுசெய்து). வீலுக்கும், தேய்க்கும் துண்டைத் தாங்கும் வொர்க் ரெஸ்ட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போனது. அங்கே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வீல் தேயத் தேய இடைவெளி தானாகப் பெரிதாகும். ரெஸ்ட்டை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். இங்கே யாரும் நகர்த்தவில்லை. அந்த மெஷினில் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "சின்ன பீஸ் அப்பப்போ உள்ள சிக்கும் சார், இழுத்து எடுத்துடுவோம்" என்றார், வெகு சாதாரணமாக. சிக்கிய துண்டு வீலை உடைத்திருக்கலாம். "ஒண்ணும் ஆனதில்ல" என்ற கதை அங்கேயே முடிந்தது. வாய்ப்பு 4.

இனி தீவிரம். கண்ணில் பொறி விழுவது ஓர் ஆபத்து, வீல் வெடிப்பது வேறு ஆபத்து. இரண்டையும் "கிரைண்டர்" என்று ஒரே வரியில் எழுதினால் சின்னது பெரியதை மறைத்துவிடும். தனித்தனி வரி போடுங்கள். 150 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் போகிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் முகத்துக்கு வரும். கண்ணாடி பொறிக்குத்தான், உடைந்த வீலுக்கு அதை நம்பாதீர்கள். உயிரிழப்பு நடக்கலாம் என்பதால் தீவிரம் 5. பெருக்கினால் 20, சிவப்பு.

அன்றே ரெஸ்ட்டை 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். பழைய வீலைக் கழற்றிப் புதிதை மாட்டுமுன் மரப்பிடியால் லேசாகத் தட்டிப் பார்த்தோம். கணீரென்று ஒலித்தால்தான் மாட்டலாம், மொத்தென்று கேட்டால் விரிசல், தூக்கிப் போடுங்கள். வீலில் எழுதியிருக்கும் சுற்று வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். மாட்டியபின் வீலின் பாதுகாப்பு உறையை மூடி, நேர் எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டோம். வாராவாரம் இடைவெளியை அளக்க ஓர் ஆள் என்று முடிவாயிற்று.

வாய்ப்பு 2 ஆனது. தீவிரம்? அதே 5. மொத்தம் 10, மஞ்சள். "இவ்வளவு செஞ்சும் பச்சை வரலையா?" என்று முதலாளிக்கு வருத்தம். வராது. வீல் வெடித்தால் என்ன ஆகும் என்பதை ரெஸ்ட்டின் இடைவெளி மாற்றாது. வெடிக்கும் வாய்ப்பைத்தான் குறைக்கும். பச்சைக்காக 5ஐ 2 ஆக்குவது தாளுக்கு மட்டும்தான் நல்லது.

பெருக்கல் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. தினமும் விரலில் சிராய்ப்பு என்றால் 5 × 1 = 5. எப்போதாவது ஒருமுறை உயிர் போகலாம் என்றால் 1 × 5 = 5. இரண்டும் ஒன்றா? அதனால் தீவிரம் 5 உள்ள எந்த வரிக்கும் பச்சை அடிக்க நான் விடுவதில்லை, வாய்ப்பு 1 என்றாலும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தாளை ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். மெஷின் பக்கத்தில் நின்று, அதை ஓட்டுபவரையும் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். துண்டு சிக்குவது அவருக்குத்தான் தெரியும். வீல் மாற்றினாலோ புது ஆள் வேலைக்கு வந்தாலோ அந்த வரிக்கு மறுபடி மதிப்பெண் போடுங்கள்.