நூமா: ‘சீரற்ற’ அல்ல, ‘சமமில்லா’

மெய்நிகராக்கம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘நூமா’வை, அதாவது ‘நான்-யூனிஃபார்ம் மெமரி ஆக்சஸ்’ என்பதை, ‘சீரற்ற நினைவக அணுகல்’ என்று பெயர்க்கிறார்கள். ஏற்கெனவே ‘ராம்’ என்பதற்கும் ‘சீரற்ற அணுகல் நினைவகம்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். ராமில் ‘எந்த இடத்தையும் நேரடியாக’ என்பது பொருள்; நூமாவில் ‘இடத்துக்கு இடம் வேறான நேரம்’ என்பது பொருள். இரண்டுக்கும் ஒரே அடைமொழி போட்டால் படிப்பவர் என்ன செய்வார்?

நூமாவில் தாறுமாறாக எதுவும் நடப்பதில்லை. 2003இல் வந்த ஏஎம்டி ஆப்டெரான், நினைவகக் கட்டுப்படுத்தியைச் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தது. நெஹேலம் வரிசையில் இன்டெலும் அதே வழிக்கு வந்தது. அதன்பின், இரண்டு சாக்கெட் சர்வரில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் சொந்த நினைவகம் உண்டு. அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தைத் தொட, இடையிணைப்பைத் தாண்டிப் போக வேண்டும். எது அருகில், எது தொலைவில் என்று ஃபர்ம்வேரே சொல்லிவிடுகிறது. `numactl --hardware` கட்டளையின் கடைசியில் பாருங்கள்:

```
node distances:
node   0   1
  0:  10  21
  1:  21  10
```

10 என்பது சொந்த நினைவகத்துக்கான அளவுகோல். 21 என்பது ஏறத்தாழ இருமடங்குத் தொலைவு என்று ஃபர்ம்வேர் தரும் மதிப்பு. அளந்து பார்த்த நேரம் அல்ல. இப்படி அட்டவணை போட்டுச் சொல்லக்கூடிய ஒன்றைச் ‘சீரற்ற’ என்பது தவறு. ‘சமமில்லா நினைவக அணுகல்’ என்பதே பொருந்தும்.

‘நூமா நோட்’ என்பதில் ‘நோட்’ என்ற பாதிக்கு லத்தீன் மூலம் ‘நோடுஸ்’, முடிச்சு. தமிழில் ‘கணு’ இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘முனையம்’ என்று எழுதுகிறார்கள், அது ‘டெர்மினல்’. ‘சாக்கெட்’ என்றே எழுதுவோரும் உண்டு. அது இன்னும் மோசம். 2017இல் வந்த முதல் எபிக் சில்லில் ஒரே சாக்கெட்டுக்குள் நான்கு கணுக்கள் இருந்தன. பிந்தைய எபிக்குகளில் சாக்கெட்டுக்கு எத்தனை கணு என்று சொல்லும் பயாஸின் NPS அமைப்பை 4 ஆக்கினால், 64 கோர் சாக்கெட் தலா 16 கோர் கொண்ட நான்கு கணுக்களாகப் பிரியும். ‘சாக்கெட்டுக்குள் அடக்கு’ என்ற பெயர்ப்பை நம்பி ஒரு மெய்நிகர் கணினிக்கு 40 கோர் கொடுத்தவர், மூன்று கணுக்களில் பரப்பியிருப்பார். சொல்லைப் பெயர்ப்பவர் `lscpu` வெளியீட்டை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டாமா?

பெரிய மெய்நிகர் கணினி ஏன் ஒரே கணுவில் அடங்க வேண்டும் என்பது இங்கேதான் புரியும். கணுவுக்கு 16 கோர், 256 ஜிபி கொண்ட இரண்டு கணு கேவிஎம் சர்வரை எடுத்துக்கொள்வோம். தரவுத்தளம் ஒன்றுக்கு 20 மெய்நிகர் சிபியு, 160 ஜிபி கொடுக்கிறார்கள். நினைவகம் ஒரு கணுவுக்குள் அடங்கும். 20 சிபியுவுக்கு 16 கோர் போதாது. வேலை இரண்டு கணுக்களிலும் பரவும். உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கோ ஒரே கணுதான் தெரியும். எந்தப் பக்கம் தொலைவு என்று தெரியாததால் அதனால் ஒதுக்கிவைத்து வேலை செய்ய முடியாது. நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நேரமும் சிபியு உழைத்த நேரமாகவே கணக்கில் ஏறுவதால் `top` எதையும் காட்டிக்கொடுக்காது. ‘சிபியு போதவில்லை’ என்று மேலும் நான்கைக் கூட்டுவார்கள். நிலைமை மாறாது.

சர்வரில் `numastat -c qemu` கொடுத்தால், அந்தக் கணினியின் நினைவகம் எந்தக் கணுவில் எவ்வளவு என்று தெரியும். இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். தீர்வு, சிபியுவைக் கூட்டுவதல்ல, குறைப்பது. 12 போதும் என்றால் இப்படி:

```
<vcpu placement='static' cpuset='0-15'>12</vcpu>
<numatune>
  <memory mode='strict' nodeset='0'/>
</numatune>
```

`0-15` என்பதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். சில சர்வர்களில் கணு 0க்கு இரட்டைப்படை எண்கள் மட்டுமே வரும். `lscpu` காட்டும் எண்களை எழுதுங்கள்.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் வரும். 12 சிபியு, 300 ஜிபி கேட்டால், சிபியு அடங்கும், நினைவகம் அடங்காது. `strict` போட்டிருந்தால், அடுத்த கணுவில் இடம் காலியாக இருக்கும்போதே நினைவகம் தீர்ந்து மெய்நிகர் கணினி கொல்லப்படலாம். `preferred` போட்டால் சத்தமில்லாமல் வழிந்து அடுத்த கணுவுக்குப் போகும். 256 ஜிபியும் முழுதாகக் கிடைக்காது. சர்வரின் சொந்த இயங்குதளத்துக்கும் அதில் பங்குண்டு.

உண்மையிலேயே 20 சிபியு வேண்டுமென்றால், மறைக்காமல் பிரிக்க வேண்டும். தலா 10 சிபியு, 80 ஜிபி கொண்ட இரண்டு மெய்நிகர் கணுக்களை உள்ளிருக்கும் இயங்குதளத்துக்குக் காட்டி, ஒவ்வொன்றையும் ஒரு மெய்யான கணுவோடு கட்ட வேண்டும். 14க்கு 6 என்று கோணலாகப் பிரிக்க வேண்டாம். சில தரவுத்தளங்கள் கணுக்கள் ஒத்த அளவில் இருக்கும் என்று எண்ணியே வேலையைப் பங்கிடும்.