இயல்பான சராசரிக்குள் ஒளிந்திருந்த இரண்டு குறைபாடுகள்

விளையாட்டு வீரர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் தொழில். 5000 மீட்டர் ஓடும் 22 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார். எடை 52 கிலோ. பிறந்ததிலிருந்து சைவம், மூன்று ஆண்டுகளுக்கு முன் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் விட்டு வீகன் ஆகியிருந்தார். கடைசிச் சுற்றுகளில் கால் கல்லாகக் கனக்கிறது, இரவில் பாத விரல்கள் மரத்து ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்றார். ஹீமோகுளோபின் 11.8. "கொஞ்சம்தான் குறைவு, கீரை சாப்பிடுங்கள்" என்று அவரை ஏற்கெனவே ஓரிடத்தில் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

அதே அறிக்கையில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. சிவப்பணுக்களின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. 86. இது இயல்பானது. ஆனால் அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 17.5. இது அதிகம். இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். பி12 குறைந்தால் பெருத்துவிடும். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் சிறியதும் பெரியதும் கலந்து, சராசரி ஒழுங்காகத் தெரியும். தனியாகப் பரிசோதிக்கச் சொன்னோம். இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11, பி12 158. இரண்டுமே மிகக் குறைவு.

நம் சைவச் சமையலில் பி12 வருவது பாலிலும் தயிரிலும் மோரிலும்தான். அவற்றை விட்டபின் கீரையோ, புளித்த இட்லி மாவோ, ஸ்பைருலினாவோ அந்த இடத்தை நிரப்பாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத போலி பி12. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், வீகனாக மாறியவர் முதல் ஆண்டில் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்பிவிடுகிறார்.

எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. கடைகளில் கிடைக்கும் இரும்பு மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். பி12 இல்லாதவர் அதை மட்டும் விழுங்கினால் இரத்த அறிக்கை சீராகிக்கொண்டே வரும். நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். பாதம் மரத்துப்போகிறவர் பி12 அளவைப் பார்க்காமல் இரும்பு மாத்திரையைத் தொடங்கவே கூடாது.

இந்தப் பெண்ணுக்கு மருத்துவர் முதலில் பி12 ஊசி போட்டார். பிறகு நிரந்தரமாக வாரம் இருமுறை 1000 மைக்ரோகிராம் மாத்திரை. தேவை நாளுக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுதானே, இவ்வளவு எதற்கு என்று அந்தப் பெண் கேட்டார். குடல் ஒரு வேளையில் முறையாக ஏற்றுக்கொள்வது ஏறக்குறைய இரண்டு மைக்ரோகிராம்தான்; அதற்கு மேல் கொடுப்பதில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே கசியும்.

இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். இதில் நேரமும் முக்கியம். கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, இரும்பைக் குடலிலேயே தடுத்துவிடும். அவர் காலை ஏழரைக்குப் பயிற்சி முடித்து, முன்பு தானாக வாங்கிய இரும்பு டானிக்கைப் பதினொரு மணிக்குக் காபியோடு குடித்துவந்திருக்கிறார். இப்போது பயிற்சி முடிந்த அரை மணிக்குள் எலுமிச்சைச் சாற்றோடு மாத்திரை. காபி ஒன்றரை மணி நேரம் கழித்து.

துத்தநாகத்துக்கு நான் மாத்திரை தரவில்லை. பருப்பு, தானியங்களில் உள்ள ஃபைட்டேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்தும். கூடவே தினம் ஒரு கைப்பிடி பூசணி விதை அல்லது எள். அளவுக்கு மீறிய துத்தநாக மாத்திரை செம்புச் சத்தைக் குறைத்து, வேறொரு இரத்தசோகையில் கொண்டுவிடும்.

புரதக் கணக்கு இன்னொரு அதிர்ச்சி. கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் அவருக்கு 83 கிராம் வேண்டும், சாப்பிட்டுவந்தது 45. நீர்த்த சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு மிகக் கொஞ்சம். ஆகவே காலையில் 60 கிராம் பாசிப்பயற்றில் அரைத்த தோசையும் ஒரு தம்ளர் சோயா பாலும் சேர்ந்து 20 கிராம் புரதம். மதியம் சோறு, கெட்டிச் சாம்பாரோடு உலர் எடையில் 40 கிராம் சோயா உருண்டை, மொத்தம் 34. மாலையில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் 14. இரவு இரண்டு சப்பாத்தியும் கொண்டைக்கடலையும் 15. முதல் வாரம் வயிறு உப்பியது. சோயாவைப் பாதியாக்கி, மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றினோம்.

மூன்று மாதம் கழித்து, சளி, காய்ச்சல் இல்லாத ஓய்வு நாளின் மறுநாள் காலையில் மறுபடி இரத்தம் எடுத்தோம். காய்ச்சலும் கடும் பயிற்சியும் ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். இந்த முறை ஃபெரிட்டின் 34. கால் கனம் போயிருந்தது. விரல்களின் மதமதப்பு முழுவதும் அடங்க மேலும் ஐந்து மாதம் ஆயிற்று.