‘செவரல்’ என்றால் ‘பல’ அல்ல

குடும்பமாகக் கூட்டுத் தொழில் நடத்துபவர்கள் கடன் வாங்கும்போது, வங்கிப் பத்திரத்தில் ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’ என்ற தொடர் வரும். ‘செவரல்’ என்றால் ‘பல’ என்று பள்ளியில் படித்த நினைவில், எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டிய கடன் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான். இந்தச் சொல்லின் வேர், ‘தனியான’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ‘செபரேட்’டும் அதன் உறவுதான். ‘பல’ என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. சட்டம் பழைய பொருளையே வைத்துக்கொண்டது.

ஆகவே சரியான தமிழ், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு’. இதைக் ‘கூட்டுப் பொறுப்பு’ என்று சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஆபத்து முழுவதும் அந்த விட்டுப்போன பாதியில்தான் இருக்கிறது.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, பிரிவு 25 இதையே சொல்கிறது: ஒருவர் கூட்டாளியாக இருக்கும் காலத்தில் நிறுவனம் செய்த செயல்களுக்கு, மற்றவர்களோடு சேர்ந்தும் அவர் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு.

அண்ணனுக்கு 60, அக்காவுக்கு 30, தம்பிக்கு 10 விழுக்காடு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடனில் 20 லட்சம் நிலுவை. தம்பி கட்ட வேண்டியது 2 லட்சம்தானே என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் பங்கு விகிதம் அவர்களுக்குள் போட்டுக்கொண்ட கணக்கு. அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தம்பி பெயரில் வீடு இருந்தால், முழு 20 லட்சத்துக்கும் வங்கி அவர்மேல் வழக்குப் போடலாம். கட்டியபின் அண்ணனிடம் 12, அக்காவிடம் 6 லட்சம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அண்ணன் கையில் எதுவும் இல்லையென்றால் அந்த 12 லட்சம் ஏட்டில்தான் நிற்கும்.

சரி, தம்பி விலகிவிட்டால்? ‘இனி உனக்குச் சம்பந்தமில்லை’ என்று மூவரும் எழுதிக்கொண்டாலும் பழைய கடன் அவரை விடாது. வங்கியும் அதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாவிட்டால், அவரை இன்னும் கூட்டாளி என்று நம்பிக் கொடுக்கப்பட்ட புதிய கடனும் அவர் தலையில் விழலாம். பதிவு பெற்ற நிறுவனமென்றால் கூட்டு நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் நிறுவனம் இயங்கும் மாவட்டத்தில் ஓடும் ஒரு தாய்மொழி நாளிதழிலும் வெளியிட வேண்டும். இந்தப் படியைத்தான் குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. அண்ணன் தம்பிக்குள் எதற்கு விளம்பரம் என்ற கூச்சம்.

கூட்டாளியே இல்லாத அம்மாவோ மனைவியோ இதில் மாட்டுவது வேறு வழியில். அது ஜாமீன் கையெழுத்து. அந்தப் பத்திரம் தனி ஒப்பந்தம் என்பதால், நிறுவனத்தில் பங்கே இல்லாதவரின் சொந்தச் சொத்தையும் அது பிணைத்துவிடும். ‘பிணை’ என்ற நம் சொல்லுக்கே ‘கட்டு’ என்றுதான் பொருள்.