பிஎஃப்சி, இசிஎன்: சேமிப்பகப் போக்குவரத்தில் "நில்" எதற்கு, "மெல்ல" எதற்கு?

தரவு மையத்தில் சேமிப்பகத்துக்கான வலையமைப்பை அமைப்பவர்கள் ஒரே மூச்சில் சொல்லும் இரண்டு சொற்கள் பிஎஃப்சி, இசிஎன். முதலாவதன் விரிவு "பிரையாரிட்டி ஃப்ளோ கண்ட்ரோல்". தமிழில் பெரும்பாலும் "முன்னுரிமைப் பாய்வுக் கட்டுப்பாடு" என்று எழுதிவிடுகிறோம். அதைப் படிப்பவருக்கு ஏதோ ஒரு போக்குவரத்துக்கு முன்னுரிமை தரும் வசதி என்றுதான் தோன்றும். உண்மையில் பிஎஃப்சி யாருக்கும் முன்னுரிமை தருவதில்லை. ஈதர்நெட் சட்டகத்தின் விலான் தலைப்பில் 0 முதல் 7 வரை எட்டு வகுப்புகளைக் குறிக்க மூன்று பிட்டுகள் உண்டு. அந்த வகுப்புக்குத்தான் ஆங்கிலத்தில் "பிரையாரிட்டி" என்று பெயர். எட்டில் எந்த வகுப்பை நிறுத்துவது என்று தனித்தனியாகச் சொல்ல முடிவதே பிஎஃப்சி. எனவே "வகுப்புவாரிப் பாய்வு நிறுத்தம்" என்பதே பொருளுக்கு நெருக்கமான தமிழ். வரைவு நிலையில் இருந்த காலத்தில் இதையே "பெர் பிரையாரிட்டி பாஸ்" என்றும் அழைத்தார்கள். அந்தப் பெயரே நிலைத்திருக்கலாம்.

அந்த "பாஸ்" பழைய சொல். 1997-இல் வந்த 802.3x தரம், ஒரு சுவிட்ச் தன் பஃபர் நிரம்பும்போது எதிர்முனைக்கு "நிறுத்து" என்று ஒரு சிறு சட்டகம் அனுப்ப வழி செய்தது. அதில் ஒரு குறை இருந்தது. நிறுத்தினால் அந்த இணைப்பில் போகும் எல்லாமே நின்றுவிடும். சேமிப்பகமும் சாதாரண வலைப் போக்குவரத்தும் ஒரே கம்பியில் போகும் இடத்தில் இது ஒத்துவரவில்லை. ஃபைபர் சேனல் சட்டகங்களை ஈதர்நெட்டில் ஏற்றும் எஃப்சிஓஇ வந்தபோது இந்தச் சிக்கல் முன்னுக்கு வந்தது. ஃபைபர் சேனலில் நெரிசலால் சட்டகம் தொலைவது கிடையாது என்ற எண்ணத்தில்தான் அதன்மேல் ஓடும், வட்டுகளுக்கு ஆணையிடும் எஸ்சிஎஸ்ஐ அடுக்கு கட்டப்பட்டிருந்தது. அதற்காகவே 802.1Qbb என்ற தரம் உருவாகி 2011-இல் வெளிவந்தது. அதுதான் பிஎஃப்சி. இன்று எஃப்சிஓஇ அரிதாகிவிட்டது. அதற்காகச் செய்த கருவி மட்டும், ஒரு சர்வர் இன்னொன்றின் நினைவகத்தை நேரடியாக வாசித்து எழுதும் ஆர்டிஎம்ஏ போக்குவரத்தை ஈதர்நெட்டில் சுமக்கும் ரோசி நெறிமுறைக்குக் கைமாறியிருக்கிறது.

ஃபைபர் சேனலுக்கும் பிஎஃப்சிக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஃபைபர் சேனலில் பெறுபவர் முன்கூட்டியே "உனக்கு இத்தனை இடம் இருக்கிறது" என்று அனுமதி கொடுப்பார். அனுமதி தீர்ந்தால் அனுப்புபவர் தானே நின்றுவிடுவார். பிஎஃப்சியில் அனுப்புபவர் தடை வரும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பார். அந்தத் தடை போய்ச் சேரும் நேரத்தில் கம்பியில் ஏற்கெனவே கிளம்பிவிட்டவற்றைப் பெறுபவர்தான் தாங்க வேண்டும். அதற்கென்று பஃபரில் ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு "ஹெட்ரூம்" என்று பெயர். "தாங்கிடம்" என்று சொல்லலாம்.

அது எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிகாபிட் இணைப்பு, 100 மீட்டர் கம்பி என்று வைத்துக்கொள்வோம். ஒளியிழையில் ஒரு மீட்டருக்கு சுமார் 5 நானோவினாடி ஆகும். போய்வர 1 மைக்ரோவினாடி. அந்த நேரத்தில் 12,500 பைட் வந்துவிடும். நிறுத்தச் சட்டகம் கிளம்பும் முன் அதே துறையில், அதாவது கம்பி செருகியுள்ள போர்ட்டில், ஜம்போ எனப்படும் பெரிய சட்டகம் ஒன்று வெளியேறிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு 9,216 பைட். எதிர்முனையும் அப்போதுதான் ஒரு ஜம்போ சட்டகத்தைத் தொடங்கியிருக்கலாம். அதற்கு இன்னொரு 9,216. ஆணையைப் புரிந்துகொண்டு நிற்க எதிர்முனைக்குத் தரம் அனுமதிக்கும் நேரம் இந்த வேகத்தில் சுமார் 2 மைக்ரோவினாடி. அதற்கு ஏறக்குறைய 25,000 பைட். கூட்டினால் ஒரு துறையின் ஒரு வகுப்புக்குச் சுமார் 56 கிலோபைட். இதே இணைப்பை 10 கிலோமீட்டருக்கு நீட்டினால் கம்பியில் போய்வரும் நேரம் மட்டுமே 1.25 மெகாபைட் கேட்கும். ஒரு கட்டடத்துக்குள் இயல்பாக ஓடும் பிஎஃப்சி இரண்டு வளாகங்களுக்கு இடையில் திணறுவதற்கு இதுதான் காரணம். எட்டு வகுப்புகளையும் இழப்பற்றதாக ஆக்காமல் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதற்கும் இந்தப் பஃபர் கணக்குதான் காரணம்.

இனி இசிஎன். விரிவு "எக்ஸ்ப்ளிசிட் கஞ்செஸ்சன் நோட்டிஃபிகேசன்". தமிழில் "வெளிப்படை நெரிசல் அறிவிப்பு". இங்கே "வெளிப்படை" வெறும் அலங்காரச் சொல் இல்லை. டிசிபி தன் இயல்பில் நெரிசலை ஊகித்துத்தான் அறியும். ஒரு பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று எடுத்துக்கொள்ளும். தொலைப்பதற்குப் பதில் பாக்கெட்டின்மேலேயே குறியிட்டு அனுப்பலாமே என்பது இசிஎன். 2001-இல் ஆர்எஃப்சி 3168 இதை வரையறுத்தது. ஐபி தலைப்பில் இரண்டு பிட்டுகள்: `00` என்றால் அனுப்புபவருக்கு இசிஎன் தெரியாது, `01` அல்லது `10` என்றால் தெரியும், பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நீளும்போது சுவிட்ச் அதை `11` ஆக்கும். ரோசியில் இந்தக் குறியைப் பார்த்த பெறுபவரின் வலையட்டை, சிஎன்பி என்ற சிறு பாக்கெட்டை அனுப்புபவருக்குத் திருப்பி அனுப்பும். அனுப்புபவரின் வலையட்டை அந்த ஒரு ஓட்டத்தின் வேகத்தை மட்டும் குறைக்கும். 2015-இல் வெளியான டிசிகியூசிஎன் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இப்படித்தான் இயங்குகிறது.

பிஎஃப்சி கம்பியின் மறுமுனையோடு மட்டும் பேசுகிறது. அதுவும் ஒரு வகுப்பு முழுவதையும் நிறுத்துகிறது. இசிஎன் ஓட்டத்தின் மூலத்தோடு பேசுகிறது. காரணமான ஓட்டத்தை மட்டும் மெதுவாக்குகிறது. எனவே இசிஎன் முதலில் வேலை செய்ய வேண்டும். அது போதாத கணங்களுக்கு மட்டும் பிஎஃப்சி. இரண்டையும் இயக்கிவிட்டால் இந்த முன்பின் ஒழுங்கு தானாக அமைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அமையாது. இரண்டும் அளக்கும் இடம் வேறு: பிஎஃப்சியின் வரம்பு நுழைவுத் துறையில் எண்ணப்படுகிறது, இசிஎன்னின் வரம்பு வெளியேறும் வரிசையில்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு சேமிப்பக சர்வர்கள், அ, ஆ. இரண்டும் 100 கிகாபிட் இணைப்பில் ஒரே சுவிட்சில் இருக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் இ என்ற சர்வருக்கு முழு வேகத்தில் அனுப்புகின்றன. இ-யின் இணைப்பும் 100 கிகாபிட்தான். மிச்சம் 100 கிகாபிட் வரிசையில் சேர்கிறது, அதாவது மைக்ரோவினாடிக்கு 12.5 கிலோபைட். இசிஎன் குறியிடத் தொடங்கும் அளவு 150 கிலோபைட் என்று வைத்திருக்கிறோம். 12 மைக்ரோவினாடியில் வரிசை அங்கே போய்விடும். பிஎஃப்சி வரம்பு ஒவ்வொரு நுழைவுத் துறைக்கும் 300 கிலோபைட் என்றால், வரிசை இரு துறைகளுக்கும் பாதிப்பாதியாகக் கணக்காவதால், மொத்தம் 600 கிலோபைட் ஆன பிறகுதான் "நில்" கிளம்பும். அதற்கு 48 மைக்ரோவினாடி ஆகும். இடையில் உள்ள 36 மைக்ரோவினாடி குறியிட்ட பாக்கெட் இ-யை அடையவும் சிஎன்பி திரும்பவும் கிடைக்கும் அவகாசம். முதல் சிஎன்பிக்கு டிசிகியூசிஎன் வேகத்தைப் பாதியாக்கும். அ 50, ஆ 50. வரிசை வளர்வது நின்றுவிடும். பெரும்பாலும் பிஎஃப்சிக்கு வேலையே இருக்காது.

இதே சுவிட்சில் பிஎஃப்சி வரம்பு 40 கிலோபைட் என்று இருந்தால்? மொத்தம் 80 கிலோபைட்டில், 6.4 மைக்ரோவினாடியிலேயே நிறுத்தம் கிளம்பிவிடும். கம்பியில் வந்துகொண்டிருப்பதைச் சேர்த்தாலும் வரிசை 150-ஐத் தொடாமலே அமுங்கி, மீண்டும் ஏறி, மீண்டும் நிற்கும். இசிஎன் இயக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பாக்கெட்டில்கூடக் குறி விழாது. அ சர்வர் ஈ என்ற இன்னொரு சர்வருக்கும் அதே வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தால், ஈ-யின் வழி காலியாக இருந்தும் அங்கே போகும் தரவும் சேர்ந்தே நிற்கும். ஈ-யைக் கவனிப்பவருக்கு வட்டு மெதுவானதுபோலத் தெரியும். வட்டைத்தான் மாற்றிப் பார்ப்பார். (பல சுவிட்சுகளில் பிஎஃப்சி வரம்பு மிச்சமுள்ள பஃபரைப் பொறுத்து நகரும். துறைகள் பரபரப்பாக இருக்கும்போது அது தாழ்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.)

இதைக் கண்டுபிடிக்க அனுப்பும் சர்வரில் இரண்டு எண்ணிகள் போதும். எம்எல்எக்ஸ்5 டிரைவர் உள்ள லினக்சில், சேமிப்பகம் 3-ஆம் வகுப்பில் போவதாகக் கொண்டால்:

```
ethtool -S eth0 | grep prio3_pause
cat /sys/class/infiniband/mlx5_0/ports/1/hw_counters/rp_cnp_handled
```

`rx_prio3_pause` ஏறிக்கொண்டே இருக்க, `rp_cnp_handled` அசையாமல் இருந்தால் மேலே சொன்ன நிலைதான். அல்லது சுவிட்சில் இசிஎன்னே இயக்கப்படவில்லை. சிஎன்பி ஏறி, நிறுத்தம் எப்போதாவது மட்டும் தலைகாட்டினால் அமைப்பு சரி. இரண்டும் அசையாமல், பெறும் பக்கத்தில் `out_of_sequence` மட்டும் ஏறினால் வேறு கதை. பெரும்பாலும் பாக்கெட்டின் ஐபி தலைப்பில் அதன் வகையைக் குறிக்கும் டிஎஸ்சிபி மதிப்பும் சுவிட்சின் வகுப்பு அட்டவணையும் ஒத்துப்போகாமல், சேமிப்பகப் போக்குவரத்து பிஎஃப்சி இல்லாத 0-ஆம் வகுப்பில் விழுந்து அங்கே தொலைகிறது. தொலைந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும் பழைய ரோசி வலையட்டைகளில் இது வேகத்தைப் படுத்துவிடச் செய்யும்.

கடைசியாக, "லாஸ்லெஸ்". "இழப்பற்ற" என்ற தமிழ் சரிதான், ஆனால் இங்கே அதன் பொருள் குறுகியது: நெரிசலால் பஃபர் நிரம்பித் தூக்கியெறியப்படும் பாக்கெட் இல்லை, அவ்வளவே. அழுக்கான ஒளியிழை முனையால் பிட் கெட்டு சிஆர்சி சோதனையில் விழும் சட்டகத்தை பிஎஃப்சி காப்பாற்றாது. தவிர, ஒரு வலையட்டை பழுதாகி ஓயாமல் நிறுத்தச் சட்டகம் அனுப்பினால், அதன் சுவிட்ச் நின்று, அதற்கு முந்தைய சுவிட்ச் நின்று, முடக்கம் வலை முழுவதும் பரவும். இதற்குத்தான் சுவிட்சுகளில் பிஎஃப்சி வாட்ச்டாக் இருக்கிறது. ஒரு வரிசை குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நின்றபடியே இருந்தால், அது அந்த வரிசைக்கு வரும் நிறுத்த ஆணைகளைப் புறக்கணிக்கும், அல்லது அதிலுள்ள பாக்கெட்டுகளைக் கொட்டிவிடும். கொட்டினால் அந்த ஒரு துறை இழப்பற்றதாக இருக்காது. மற்ற துறைகள் ஓடும்.